நிக்கேயும் டோபிக்ஸும்: விலை எடை, சந்தை மதிப்பு எடை, ஃபியூச்சர் விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே டோக்கியோ சந்தைதானே? நிக்கே 225 ஒன்றரை சதவீதம் இறங்கிய அன்று டோபிக்ஸ் ஏறியிருக்கிறது. இது எப்படி?

நிக்கேயும் டோபிக்ஸும் டோக்கியோ பங்குச் சந்தையின் போக்கைக் காட்டும் இரண்டு இண்டெக்ஸ்கள். நீங்கள் சொல்வது அநேகமாக 2021 மார்ச் 19-ஆம் தேதி. அன்று நிக்கே 424.70 புள்ளிகள் இறங்கி 29,792-இல் முடிந்தது. அதாவது 1.4 சதவீத இறக்கம். டோபிக்ஸோ 3.70 புள்ளிகள் ஏறி 2,012.21-இல் முடிந்தது.

அன்று நடந்தது இதுதான். ஜப்பானின் மத்திய வங்கி பல ஆண்டுகளாகப் இண்டெக்ஸைப் பின்பற்றும் நிதிகளான ஈ.டி.எஃப்.களை வாங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் டோபிக்ஸைப் பின்பற்றும் ஈ.டி.எஃப்.களை மட்டுமே வாங்குவோம், நிக்கே ஈ.டி.எஃப்.களை வாங்கமாட்டோம் என்று அன்று அறிவித்தது. யுனிக்ளோ துணிக்கடைகளை நடத்தும் ஃபாஸ்ட் ரீடெய்லிங் பங்கு உடனே சுமார் 6 சதவீதம் விழுந்தது. அந்த ஒரு பங்கு மட்டுமே நிக்கேயில் 200 புள்ளிகளை ஒட்டி இழுத்துவிட்டது. அன்றைய இறக்கத்தில் ஏறக்குறைய பாதி அது. டோபிக்ஸில் அதே பங்கின் இடம் மிகச் சிறியது என்பதால் அங்கே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

ஒரு துணிக்கடை நிறுவனம் எப்படி நிக்கேயைத் தூக்கவும் கவிழ்க்கவும் முடிகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

விலை எடை இண்டெக்ஸை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எல்லாப் பங்குகளின் விலையையும் கூட்டி, ஒரு எண்ணால் வகுக்கிறார்கள். அந்த எண்ணை வகுத்தி என்பார்கள். தொடக்கத்தில் அது இண்டெக்ஸிலுள்ள நிறுவனங்களின் எண்ணிக்கையாகவே இருந்திருக்கும். பிறகு ஒரு நிறுவனம் பங்கைப் பிரிக்கும்போதும், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சேர்க்கும்போதும், இண்டெக்ஸ் சும்மா குதிக்காமல் இருக்க வகுத்தியை மாற்றுவார்கள். இப்படி மாறி மாறி, 225 பங்குகள் கொண்ட நிக்கேயின் வகுத்தி 2021-இன் தொடக்கத்தில் 28-ஐ ஒட்டி இருந்தது. 30 பங்குகள் கொண்ட அமெரிக்க டவ் ஜோன்ஸின் வகுத்தி ஒன்றுக்கும் கீழே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நிக்கேயில் இன்னொரு படியும் உண்டு. ஜப்பானில் முன்பு பங்குகளுக்கு வெவ்வேறு முகமதிப்பு இருந்தது. 50 யென் முகமதிப்பை அளவுகோலாக வைத்து எல்லா விலைகளையும் மாற்றிக்கொண்டுதான் கூட்டினார்கள். 2021 அக்டோபரிலிருந்து அதற்குப் பதில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மாற்றுக்காரணி கொடுத்திருக்கிறார்கள். பல பங்குகளுக்கு அது 1. சிலவற்றுக்கு 0.1, 0.2 என்று இருக்கும். ஆக, ஒரு பங்கு அசைந்தால் நிக்கே எத்தனை புள்ளி அசையும் என்பதற்குக் கணக்கு இவ்வளவுதான்:

```
புள்ளி = விலை மாற்றம் × மாற்றுக்காரணி ÷ வகுத்தி
```

நிறுவனம் எவ்வளவு பெரியது, எத்தனை கோடிப் பங்குகள் வெளியே இருக்கின்றன என்ற எதுவும் இந்தச் சூத்திரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் சந்தை மதிப்பு எடை?

பங்கு விலையை வெளியிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது சந்தை மதிப்பு. அதிலும் நிறுவனரும் துணை நிறுவனங்களும் விற்காமல் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் உண்மையாகப் புழங்கும் பங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஃப்ரீ ஃப்ளோட் மதிப்பு. டோபிக்ஸ், எஸ் அண்ட் பி 500, நம்முடைய நிஃப்டி, சென்செக்ஸ் எல்லாம் இந்த வகைதான். சென்செக்ஸ் 2003-லும் நிஃப்டி 2009-லும் ஃப்ரீ ஃப்ளோட்டுக்கு மாறின. டோபிக்ஸ் 2005-06-இல் படிப்படியாக மாறியது.

ஃபாஸ்ட் ரீடெய்லிங்கையும் டொயோட்டாவையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா?

2021 மார்ச் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஃபாஸ்ட் ரீடெய்லிங் ஒரு பங்கு 1,00,000 யென்னைத் தாண்டியிருந்தது. டொயோட்டா 8,000 யென் அளவில் இருந்தது. இரண்டுக்கும் மாற்றுக்காரணி 1 என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஃபாஸ்ட் ரீடெய்லிங்: 1,00,000 ÷ 28 என்றால் சுமார் 3,570 புள்ளி. நிக்கே அப்போது 29,000 அளவில் இருந்ததால் இது 12 சதவீதம். டொயோட்டா: 8,000 ÷ 28 என்றால் சுமார் 286 புள்ளி. ஒரு சதவீதம்.

ஆனால் அன்றைக்கு ஜப்பானிலேயே பெரிய நிறுவனம் டொயோட்டாதான். சந்தை மதிப்பில் ஃபாஸ்ட் ரீடெய்லிங்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, ஃபாஸ்ட் ரீடெய்லிங் பங்குகளில் கணிசமான பகுதி நிறுவனர் குடும்பத்திடம் இருக்கிறது. சந்தையில் புழங்குவது கொஞ்சம்தான். டோபிக்ஸ் இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால் அங்கே டொயோட்டா முதலிடத்தில் நின்றது.

இன்னொரு விதமாகப் பாருங்கள். ஃபாஸ்ட் ரீடெய்லிங் 1,000 யென் ஏறினால் நிக்கே 36 புள்ளி ஏறும். டொயோட்டா 1,000 யென் ஏறினாலும் அதே 36 புள்ளிதான். ஆனால் முதலாவது ஒரு சதவீத ஏற்றம், தினமும் நடப்பது. இரண்டாவது 12 சதவீத ஏற்றம். டொயோட்டாவில் அப்படி ஒரு நாள் எப்போது வரும்?

சென்னை எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்தப் பங்கு நிஃப்டி 50-இல் இல்லை. இருந்து, நிஃப்டியும் நிக்கே மாதிரி விலைகளைக் கூட்டும் இண்டெக்ஸாக இருந்திருந்தால், ரிலையன்ஸையும் எச்.டி.எஃப்.சி. பேங்க்கையும் விட்டுவிட்டு டயர் விலையைப் பார்த்துத்தான் நாம் நிஃப்டி ஃபியூச்சர் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

இதெல்லாம் இண்டெக்ஸ் சமாச்சாரம். ஃபியூச்சருக்கு என்ன வந்தது? அது தன்பாட்டுக்கு வாங்குவோர் விற்போர் விலையில்தானே போகிறது?

ஃபியூச்சர் என்பது இண்டெக்ஸைப் பின்னொரு நாளுக்கு இன்றே பேசிய விலையில் வாங்கி விற்கும் ஒப்பந்தம். அதைத் தன்பாட்டுக்குப் போகவிடாமல் இண்டெக்ஸோடு கட்டிப்போடுவது ஆர்பிட்ரேஜ் செய்பவர்கள். ஃபியூச்சர் நியாய விலைக்கு மேலே போனால், அதை விற்றுவிட்டு இண்டெக்ஸிலுள்ள பங்குகளை ஒரு கூடையாக வாங்குவார்கள். கீழே போனால் தலைகீழாகச் செய்வார்கள். அந்தக் கூடையில் எந்தப் பங்கு எத்தனை இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எடை முறைதான்.

நிக்கேக்கு அந்தக் கூடை விசித்திரமானது. விலைகளைக் கூட்டுகிறோம் என்பதால், எல்லாப் பங்கிலும் ஒரே எண்ணிக்கை வாங்க வேண்டும். மாற்றுக்காரணி 1 உள்ள ஒவ்வொரு பங்கிலும் 1,000 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 0.1 உள்ளவற்றில் 100 வாங்க வேண்டும். டோக்கியோவில் 100 பங்குகள் ஒரு லாட் என்பதால் இதைவிடச் சின்னக் கூடையைத் துல்லியமாகக் கட்டுவது கஷ்டம்.

இந்தக் கூடையின் விலை என்ன? விலைகளின் கூட்டுத்தொகை என்பது இண்டெக்ஸை வகுத்தியால் பெருக்கியது. எனவே 1,000 × 28 × 30,000, அதாவது 84 கோடி யென். நிக்கேயின் பெரிய ஃபியூச்சர் ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பு இண்டெக்ஸைப்போல் 1,000 மடங்கு, அதாவது 3 கோடி யென். 84-ஐ 3-ஆல் வகுத்தால் 28 ஒப்பந்தங்கள். வகுத்தி எதுவோ அதே எண்! இண்டெக்ஸ் 20,000-இல் இருந்தாலும் 40,000-இல் இருந்தாலும் இது மாறாது. நிக்கே ஆர்பிட்ரேஜ் மேஜையில் இருப்பவர்களுக்கு வகுத்தி என்பது ஏதோ கணிதச் சரிக்கட்டல் இல்லை. ஒரு கூடைக்கு எத்தனை ஃபியூச்சர் விற்க வேண்டும் என்பதே அதுதான்.

டோபிக்ஸ் கூடையில் ஒவ்வொரு நிறுவனத்திலும் புழங்கும் பங்குகளில் ஒரே விகிதம் வாங்க வேண்டும். கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் 2021-இல் அதில் 2,000-க்கும் அதிகமான பங்குகள் இருந்தன. வால் பகுதியிலுள்ள சின்னப் பங்குகளை யாரும் முழுதாக வாங்குவதில்லை. பெரியவற்றில் சில நூறை மட்டும் வாங்கிச் சமாளிப்பார்கள். அப்படிச் சமாளிக்கும்போது கூடைக்கும் இண்டெக்ஸுக்கும் கொஞ்சம் விலகல் இருக்கத்தான் செய்யும். அந்த ஆபத்துக்கு ஒரு கூலி வேண்டும் என்பதால், இடைவெளி சற்று அதிகமாகத் திறந்த பிறகுதான் ஆர்பிட்ரேஜ் உள்ளே வரும். நிக்கே கூடையைக் கம்ப்யூட்டர் ஒரு தட்டில் அனுப்பிவிடலாம். குறை சொல்லப்படும் எடை முறைதான் ஃபியூச்சரை இறுக்கிப் பிடிக்க வசதியாக இருக்கிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

விலை ஏறி இறங்கினால் கூடையைத் தினமும் சரிசெய்ய வேண்டுமா?

இரண்டு முறையிலும் வேண்டாம். இதைப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். நிக்கே கூடையில் பங்கு எண்ணிக்கை நிலையானது. டோபிக்ஸ் கூடையிலும் அப்படியே. விலை மாறினால் எடை தானாக மாறும், கூடையும் அதோடு சேர்ந்து மாறும். நீங்கள் கை வைக்கத் தேவையில்லை.

வேறுபாடு வருவது நிறுவனம் ஏதாவது செய்யும்போதுதான். ஒரு நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டால் டோபிக்ஸ் கூடைக்காரர் அதில் தன் பங்கை வாங்க வேண்டும். நிக்கே கூடைக்காரருக்கு அது பொருட்டே இல்லை. மாறாக, ஒரு பங்கு நான்காகப் பிரிந்தால் டோபிக்ஸ்காரருக்கு வேலையில்லை. சுத்தமான விலை எடையில் இருப்பவரிடம் திடீரென நான்கு மடங்குப் பங்குகள் சேர்ந்திருக்கும். ஏறக்குறைய முக்கால்வாசியை விற்று, அந்தப் பணத்தை மற்ற எல்லாப் பங்கிலும் போட வேண்டும்.

2020 ஆகஸ்ட் 31-இல் ஆப்பிள் பங்கு ஒன்றுக்கு நான்காகப் பிரிந்தபோது டவ்வில் இதுதான் நடந்தது. அதுவரை டவ்வின் முதல் பெரிய பங்காக இருந்தது ஒரே இரவில் நடுவரிசைக்கு இறங்கியது. கம்பெனியின் மதிப்பில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அன்று முதல் டவ் ஃபியூச்சரில் ஆப்பிளின் செல்வாக்கு முன்பிருந்ததில் ஏறக்குறைய கால்வாசிதான். அதே நாளில் எக்ஸான் மொபில், ஃபைசர், ரேதியான் மூன்றையும் எடுத்துவிட்டு சேல்ஸ்ஃபோர்ஸ், ஆம்ஜென், ஹனிவெல் மூன்றையும் சேர்த்தார்கள்.

நிக்கே இந்தத் தொல்லையைக் கொஞ்சம் அடக்கிவைத்திருக்கிறது. பெரிய ஸ்பிளிட் வந்தால் வகுத்தியை விட்டுவிட்டு அந்தப் பங்கின் மாற்றுக்காரணியை உயர்த்திவிடுவார்கள். ஃபாஸ்ட் ரீடெய்லிங் 2023 மார்ச்சில் மூன்றாகப் பிரிந்தபோது அதன் விலை மூன்றில் ஒன்றானது, காரணி மூன்று மடங்கானது. எடை அப்படியே நின்றது. ஆகவே, "ஸ்பிளிட் வந்தால் அந்தப் பங்கின் எடை குறையும்" என்ற பாடப்புத்தக விதியை வைத்து நிக்கே ஃபியூச்சரில் பந்தயம் கட்டாதீர்கள். அது டவ்வுக்குத்தான் பொருந்தும்.

2000 ஏப்ரலில் நிக்கே பங்குகளை மாற்றியது ஏன் இன்னும் பேசப்படுகிறது?

ஏனென்றால், விலை எடை இண்டெக்ஸில் பங்கு மாற்றம் எவ்வளவு விபரீதமாகப் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. சந்தை மூடிய பிறகு நிக்கே அறிவித்தது: 225-இல் 30 பங்குகளை ஒரே அடியாக மாற்றுகிறோம், 24-ஆம் தேதி முதல் அமல். வெளியே போனவை பெரும்பாலும் பழைய தொழில்களைச் சேர்ந்த மலிவு விலைப் பங்குகள். உள்ளே வந்தவை தொழில்நுட்ப அலையின் உச்சியில் நின்ற, விலை மிக உயர்ந்த பங்குகள்.

சந்தை மதிப்பு எடையாக இருந்திருந்தால் இது ஒரு நடுத்தர வேலை. விலை எடையில்? கூட்டுத்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இண்டெக்ஸ் குதிக்காமல் இருக்க வகுத்தியும் 10 சொச்சத்திலிருந்து 20 சொச்சத்துக்குப் போனது. மேலே பார்த்த கூடைக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். அதுவரை ஒரு கூடைக்கு 10 ஃபியூச்சர் என்றால், இனி அதே எண்ணிக்கைப் பங்குகள் கொண்ட கூடைக்கு 20 ஃபியூச்சர். கையில் இருக்கும் ஃபியூச்சர் எண்ணிக்கை மாறாது என்றால், தொடர்ந்து இருக்கும் 195 பங்குகளிலும் பாதியை விற்றாக வேண்டும். அந்தப் பணத்தையெல்லாம் திரட்டி 30 புதுப் பங்குகளில் போட வேண்டும்.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஒரு முழு வாரம். யார் எதை வாங்கியே தீர வேண்டும், எதை விற்றே தீர வேண்டும் என்று ஊருக்கே தெரியும். முந்திக்கொண்டவர்கள் புதுப் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள், பழையவற்றை விற்றுத் தள்ளினார்கள். இண்டெக்ஸ் புதுப் பங்குகளை எந்த விலையில் ஏற்றுக்கொண்டது? 21-ஆம் தேதி முடிவு விலையில். அதாவது ஊதிப்போன விலையில் வாங்கி, நசுங்கிப்போன விலையில் விற்றது. அமலுக்கு வந்த பிறகு புதுப் பங்குகள் இறங்கியபோது, அந்த இறக்கம் முழுவதும் நிக்கேயின் கணக்கில் ஏறியது. நிக்கே ஃபியூச்சரை வாங்கி வைத்திருந்தவர் எந்தத் தவறும் செய்யாமலே அந்த நஷ்டத்தைச் சுமந்தார்.

ஒரு எச்சரிக்கை. அறிவிப்பு வந்த அதே வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் நாஸ்டாக் 9 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. திங்கட்கிழமை நிக்கே 7 சதவீதம் விழுந்ததற்கு அதுதான் முதல் காரணம். எனவே அந்த வாரத்து நிக்கே இறக்கத்தை அப்படியே எடுத்து "பங்கு மாற்றத்தின் விலை" என்று காட்டுபவர்களை நம்ப வேண்டாம். டோபிக்ஸோடு ஒப்பிட்டு, நிக்கே எவ்வளவு கூடுதலாக விழுந்தது என்றுதான் பார்க்க வேண்டும். பார்த்தாலும் சேதம் கணிசமானதுதான். நிக்கேயை டோபிக்ஸால் வகுத்தால் வரும் விகிதம் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் 10-ஐ ஒட்டி வந்து நின்றது.

நிக்கே ஃபியூச்சரை வாங்கி டோபிக்ஸ் ஃபியூச்சரை விற்றால் சந்தை ஆபத்து போய்விடுமா?

சந்தையின் பொதுவான ஏற்ற இறக்கம் போகும். எடை முறையின் ஆபத்து மட்டும் சுத்தமாக வடிகட்டிக் கையில் நிற்கும். இதை என்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நிக்கேயின் 'என்', டோபிக்ஸின் 'டி'.

2021 மார்ச் 18 முடிவில் நிக்கே 30,216, டோபிக்ஸ் 2,008.5. விகிதம் 15.04. டோபிக்ஸ் ஒப்பந்தத்தின் பெருக்கல் எண் 10,000. எனவே ஒரு டோபிக்ஸ் ஒப்பந்தம் சுமார் 2 கோடி யென், ஒரு நிக்கே சுமார் 3 கோடி. இரண்டு நிக்கே வாங்கி மூன்று டோபிக்ஸ் விற்றால் இரு பக்கமும் 6 கோடி யென். காகிதத்தில் அழகான சமநிலை.

மறுநாள் ஜப்பான் மத்திய வங்கியின் அறிவிப்பு. ஃபியூச்சரும் இண்டெக்ஸ் அளவே அசைந்ததாக வைத்துக்கொண்டால், நிக்கே பக்கத்தில் 424.7 × 1,000 × 2, அதாவது 8,49,400 யென் நஷ்டம். டோபிக்ஸ் ஏறியதால் விற்ற பக்கத்திலும் 3.7 × 10,000 × 3, அதாவது 1,11,000 யென் நஷ்டம். இரண்டு காலிலும் அடி. ஆபத்தே இல்லை என்று நினைத்த நிலையில் ஒரே நாளில் 9,60,400 யென். விகிதம் 14.81-க்கு இறங்கியிருந்தது.

இதே கணக்கு, கையிலுள்ள பங்குகளின் இறக்கத்துக்குக் காப்பாக ஃபியூச்சரை விற்று ஹெட்ஜ் செய்பவர்களுக்கும் பொருந்தும். கையில் இருப்பது பல துறைகளில் பரவிய ஜப்பானியப் பங்குகள் என்றால், நிக்கே ஃபியூச்சரில் வியாபாரம் அதிகம் என்பதற்காக அதை விற்று ஹெட்ஜ் செய்வது, கூடவே கொஞ்சம் யுனிக்ளோவையும் விற்பதாகும். அது வேண்டுமா என்று தெரிந்து செய்யுங்கள்.

விகிதம் ஏன் அசைந்தது என்று கண்டுபிடிக்க வழி எளிது. விகிதம் அசைந்த நாளில், நிக்கேயில் எடை அதிகமான நாலைந்து பங்குகளுக்கு மட்டும் மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஃபாஸ்ட் ரீடெய்லிங், டோக்கியோ எலக்ட்ரான், சாஃப்ட்பேங்க், அட்வான்டெஸ்ட். அசைவின் பெரும்பகுதி இவற்றிலிருந்தே வந்திருந்தால் அது சந்தையின் கருத்து இல்லை, நான்கு பங்குகளின் செய்தி.

ஜூன் ஃபியூச்சர் ஏன் இண்டெக்ஸுக்குக் கீழே நிற்கிறது? சந்தை இறங்கும் என்று அர்த்தமா?

இல்லை. டிவிடெண்ட்தான் காரணம். ஃபியூச்சரின் நியாய விலை என்பது இன்றைய இண்டெக்ஸோடு வட்டியைக் கூட்டி, ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரிக்குள் கழியும் டிவிடெண்டைக் கழித்தது. 2021-இல் ஜப்பானில் வட்டி சுழியத்தை ஒட்டியே இருந்தது. ஆக, இடைவெளி முழுவதும் டிவிடெண்ட் என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஜப்பானிய நிறுவனங்களுக்கு மார்ச்சில் கணக்காண்டு முடிவதால், மார்ச் கடைசியில் ஒரே நாளில் பெருந்தொகை கழியும். மார்ச் ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஜூன் ஒப்பந்தம்தான் அதைச் சுமக்கிறது.

இங்கேயும் எடை முறை தலைகாட்டும். டொயோட்டா அந்த மார்ச்சில் பங்குக்கு 135 யென் கொடுத்தது. நிக்கேயில் அது 135 ÷ 28, அதாவது 4.8 புள்ளி. நிக்கேயின் பெரிய பங்கான ஃபாஸ்ட் ரீடெய்லிங்குக்கோ கணக்காண்டு ஆகஸ்டில் முடிகிறது. அது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும்தான் கொடுக்கும். ஜூன் ஒப்பந்தத்தில் அதன் டிவிடெண்ட் ஒரு யென்கூட இல்லை. அதனால் சதவீதத்தில் பார்த்தால், மார்ச் டிவிடெண்டின் தாக்கம் டோபிக்ஸைவிட நிக்கேயில் குறைவாக இருக்கும். இரண்டு ஜூன் ஃபியூச்சர்களின் தள்ளுபடியும் வெவ்வேறாக இருப்பதைப் பார்த்து "ஒன்று மலிவு" என்று பாய்ந்துவிடக் கூடாது.

எக்ஸ்பைரி அன்று எஸ்க்யூ என்று ஒரு விலையில் கணக்கை முடித்தார்கள். அந்த விலையை நிக்கே அன்று முழுக்கத் தொடவே இல்லை. எப்படி?

நடக்கக் கூடியதுதான். ஃபியூச்சர் வர்த்தகம் நடக்கும் ஒசாகா சந்தையில் நிக்கே, டோபிக்ஸ் ஃபியூச்சர்கள் காலாண்டு மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை முடிகின்றன. வர்த்தகம் முந்தைய நாளோடு சரி. வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொரு பங்கின் தொடக்க விலையையும் எடுத்துக் கணக்கிடுவதுதான் எஸ்க்யூ.

எல்லாப் பங்கும் 9 மணிக்கே திறந்துவிடாது. வாங்கும் ஆணைகள் மிகுந்த பங்கு, விலையைப் படிப்படியாக உயர்த்தியபடி சில நிமிடங்கள் காத்திருக்கும். அதற்குள் முதலில் திறந்தவை இறங்கியிருக்கலாம். திரையில் ஓடும் நிக்கே அந்தந்த நொடியின் விலைகளை வைத்துப் போவதால், எல்லாத் தொடக்க விலைகளும் ஒன்றுசேர்ந்த கணம் என்று ஒன்று அதில் இருக்கவே இருக்காது. எஸ்க்யூ அப்படி இல்லாத ஒரு கணத்தின் விலை. அன்றைய நிக்கே அதைத் தொடாமல் போனால் ஜப்பானிய வர்த்தகர்கள் "மாய எஸ்க்யூ" என்பார்கள்.

விலை எடையில் இதன் கூர்மை கூடுகிறது. புழங்கும் பங்கு குறைவான, விலை உயர்ந்த ஒரு பங்கில் தொடக்க ஏலம் ஒரு சதவீதம் தள்ளிப்போனாலே 30, 40 புள்ளி. டோபிக்ஸின் எஸ்க்யூவில் அதே விளைவைக் கொண்டுவர எத்தனையோ பெரிய பங்குகளைச் சேர்ந்து நகர்த்த வேண்டும்.

டவ் ஃபியூச்சரும் எஸ் அண்ட் பி ஃபியூச்சரும் இப்படித்தான் பிரிந்து போகுமா?

போகும். 2019 மார்ச் 11, திங்கள். முந்தைய நாள் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் விழுந்திருந்தது. போயிங் பங்கு 422.54 டாலரிலிருந்து 400.01-க்கு இறங்கி முடிந்தது. டவ்வின் வகுத்தி அப்போது சுமார் 0.1475. எனவே 22.53 ÷ 0.1475, ஏறக்குறைய 153 புள்ளிகளைப் போயிங் ஒன்றே தின்றது. டவ் ஃபியூச்சர் ஒப்பந்தத்தில் புள்ளிக்கு 5 டாலர் வீதம் அது 765 டாலர். சந்தை அன்று நன்றாக ஏறியது. எஸ் அண்ட் பி 1.5 சதவீதம் ஏற, டவ் 0.8 சதவீதத்தோடு நின்றது. எஸ் அண்ட் பி-யில் போயிங்கின் எடை ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்ததால் அங்கே அதன் பாதிப்பு ஒன்றிரண்டு புள்ளிகள்தான்.

அப்படியானால் நிக்கேயை ஏன் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? நிஃப்டி முறைதான் சரியானதா?

மாற்றினால் அது நிக்கேயாக இருக்காது. 1949-இலிருந்து தொடரும் வரிசை, அதன்மேல் கட்டப்பட்ட ஃபியூச்சர், ஆப்ஷன், ஈ.டி.எஃப். எல்லாம் பழைய முறையை நம்பி நிற்கின்றன. அதனால் ஒட்டுப்போட்டுத்தான் சரிசெய்கிறார்கள். ஒரு பங்கின் எடைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். 2022 அக்டோபரில் 12 சதவீதமாகத் தொடங்கி, 2024 அக்டோபருக்குள் 10 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஆனால் வரம்பை மீறினால் உடனே எடை வெட்டப்படாது. ஆய்வுக்கான நாளில் மீறியிருந்தால்தான் அந்தப் பங்கின் காரணியைக் குறைப்பார்கள். ஆய்வு ஆண்டுக்கு இரண்டு முறை. ஆக, ஆய்வு நெருங்கும்போது ஒரு பங்கு வரம்பை ஒட்டி நின்றால், அங்கே விற்பனை வரப்போகிறது என்று ஊரே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். 2000-இன் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தை மதிப்பு எடைதான் தர்க்கத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆனால் அது ஆபத்து இல்லாதது என்று சொல்லமாட்டேன். 2023 ஜூலையில் எச்.டி.எஃப்.சி.-யும் எச்.டி.எஃப்.சி. பேங்க்கும் இணைந்த பிறகு, நிஃப்டியில் அந்த ஒரு வங்கியே பத்து சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. அதன் காலாண்டு முடிவு சறுக்கும் நாளில் நிஃப்டி ஃபியூச்சரும் சேர்ந்து சறுக்கும். வித்தியாசம் எங்கே என்றால், அந்த வங்கியில் அந்த அளவுக்குப் பங்குகள் உண்மையாகவே புழங்குகின்றன. நிஃப்டியை ஒரு சதவீதம் நகர்த்த அதை வைத்து முயன்றால் எதிரே வந்து நிற்கும் விற்பனையும் அதே அளவுக்குப் பெரியதாக இருக்கும். ஃபாஸ்ட் ரீடெய்லிங்கில் எதிரே நிற்க அவ்வளவு பங்குகள் சந்தையில் கிடையாது.